காலையில் சாப்பிடாத விடுதி மாணவிக்கு உணவு மதிப்பீடு செய்த அனுபவம்

மாணவர் நல மையம் ஒன்றில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அவர்களில் ஒரு மாணவியைப் பற்றி எழுதப் போகிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன், அடையாளம் தெரியும்படியான எதையும் சேர்க்கவில்லை. வயது இருபதை ஒட்டி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதிய வகுப்பில் தலை கனக்கிறது என்று வந்தவளை, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து என்னிடமும் அனுப்பியிருந்தார். குறிப்பில் இருந்தது ஒரே வரி: "காலை உணவு எடுப்பதில்லை, உணவுப் பழக்கம் ஒழுங்கில்லை."

இப்படி வருபவர்களிடம் "வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?" என்று நான் தொடங்குவதில்லை. அந்தக் கேள்விக்கு மெஸ்ஸின் மெனுதான் பதிலாக வரும். அதனால் நேற்று காலை கண் விழித்த நேரத்திலிருந்து இன்று காலை வரை வாய்க்குள் போன எல்லாவற்றையும் கேட்டேன். முதல் சுற்றில் அவள் போக்கில் சொல்ல விட்டேன், குறுக்கே பேசவில்லை. இரண்டாவது சுற்றில் ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும். மூன்றாவது சுற்றில் அளவு. இதற்காகவே மேஜையில் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு தம்ளர் வைத்திருப்பேன். "பருப்பு சாப்பிட்டேன்" என்பதற்கும், கரண்டியைக் காட்டி "இதுல முக்கால், அதுவும் மேல இருக்கிற தண்ணி" என்பதற்கும் இரும்புச்சத்துக் கணக்கில் பெரிய இடைவெளி உண்டு.

நேற்று அவள் எழுந்தது 8:20க்கு. வகுப்பு 8:45. மெஸ்ஸில் காலை உணவு 8:30 வரைதான். 11 மணி இடைவேளையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் 1:30க்கு சோறு, நீர்த்த பருப்பு, கொஞ்சம் காய், சாப்பிட்ட கையோடு இன்னொரு டீ. மாலையில் சிப்ஸ். இரவு உணவு 7 முதல் 8:30 வரை, அப்போது அவள் நூலகத்தில். இரவு 11:45க்கு அறைத்தோழிகளோடு நூடுல்ஸ், தூக்கம் 2 மணிக்கு.

ஒரே நாளை வைத்து முடிவுக்கு வர முடியாது. வார நாள் இன்னொன்றும் விடுமுறை நாள் ஒன்றும் எழுதி வரச் சொன்னேன். விடுமுறை நாளில் முதல் உணவே மதியம் 1 மணிக்குத்தான். இரவு 12ஐ ஒட்டிய சாப்பாடு மூன்று நாளும் மாறாமல் இருந்தது. அவள் காலையில் சாப்பிடாததன் வேர் அங்கேதான் தெரிந்தது. நள்ளிரவில் வயிறு நிறைந்தவளுக்குக் காலையில் பசி இருக்காது, 2 மணிக்குத் தூங்குபவளால் மெஸ் மூடுவதற்குள் எழவும் முடியாது. நள்ளிரவில் பசிப்பது ஏன் என்றால், இரவு உணவு தவறிப் போகிறது. "எனக்குக் காலையில சாப்பாடு பிடிக்காது மேடம்" என்று முதலில் சொன்னவள், இந்த மூன்று தாள்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அப்போ நான் ராத்திரி சாப்பிடாததுதான் காரணமா?" என்று தானாகவே கேட்டாள்.

பிறகு இரும்புச்சத்தைக் கூட்டிப் பார்த்தோம். இது தோராயக் கணக்குதான். வெள்ளைச் சோற்றில் மிகக் குறைவு, நீர்த்த பருப்பில் ஒன்றரை மில்லிகிராம் வரை, மற்றவை எல்லாம் சேர்த்து இன்னும் நாலு. நல்ல நாளிலேயே 6 மில்லிகிராமை ஒட்டித்தான் வந்தது. மாதவிடாய் உள்ள வயதுப் பெண்களுக்குப் பல வழிகாட்டிகள் நாளுக்கு 16 முதல் 18 மில்லிகிராம் என்கின்றன. இரும்பு முக்கியமாகத் தாவர உணவிலிருந்தே வரும் இடங்களில் அதைவிடவும் கூடுதலாகச் சொல்வார்கள், ஏனென்றால் தாவர இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். அவள் இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை. முட்டை மட்டும் உண்டு.

அந்த மதிய டீயும் சாதாரண விஷயமில்லை. டீயில் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு சேர்ந்து அதை உறிஞ்ச விடாமல் செய்கின்றன. சாப்பாட்டோடு குடித்தால் பாதிப்பு அதிகம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் கணிசமாகக் குறையும். நாள் முழுக்க அவளுக்கு இரும்பு ஓரளவாவது கிடைத்தது மதிய உணவில்தான், அதையும் டீ தடுத்துக்கொண்டிருந்தது. "நான் தினமும் பேரீச்சம்பழம் சாப்பிடுறேனே" என்றாள். பலரும் இதை நம்பியிருக்கிறார்கள். 100 கிராம் பேரீச்சம்பழத்திலேயே ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் இருக்கிறது. அவள் சாப்பிட்டது மூன்று பழம்.

உணவைத் தாண்டிக் கேட்க வேண்டியவையும் இருந்தன. இரும்பு குறைவாக உள்ளே போவது ஒரு பக்கம், அதிகமாக வெளியே போவது இன்னொரு பக்கம். மாதவிடாய் எத்தனை நாள், நாப்கினை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டியாகப் போகிறதா, அண்மையில் ரத்ததானம் செய்தாளா என்று கேட்டேன். ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒன்று மாற்ற வேண்டி வந்தாலோ அதை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஐந்து நாள், மிதமான போக்கு. ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னத் தோன்றுகிறதா என்றதும் சிரித்தாள். அறைத்தோழிகள் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்களாம். இரும்புக் குறைபாட்டில் இந்த ஆசை வருவதுண்டு.

உணவைத் தவிர்ப்பது உடல் எடை பயத்தாலா, கையில் பணம் இல்லாததாலா என்பதையும் தனியறையில், நிதானமாகக் கேட்டாக வேண்டும். எடை குறித்த பயமோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமோ இருந்தால் இலக்கு வைக்கும் வேலையை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம்தான் போக வேண்டும். பணம்தான் தடை என்றால் நான் சொல்லும் எந்தத் தின்பண்டப் பெட்டியும் அவளுக்கு உதவாது. இரண்டும் இல்லை. உயரத்துக்கேற்ற எடையும் சரியாக இருந்தது.

ரத்த முடிவு வந்தது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.3 கிராம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உடலில் சேமித்து வைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெர்ரிட்டின் லிட்டருக்கு 9 மைக்ரோகிராம். 15க்குக் கீழே என்றால் உடலின் இருப்பே தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெர்ரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் அப்படி எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துகொண்டார். இந்த நிலையில் உணவை மட்டும் நம்பக் கூடாது. அவர் இரும்பு மாத்திரை எழுதினார். குறைந்துபோனதை ஈடுகட்டுவது மாத்திரையின் வேலை, மறுபடி குறையாமல் பார்ப்பதுதான் என் பங்கு.

என் குறிப்பேட்டில் சிக்கலை ஒரே வாக்கியமாக எழுதினேன்: "இரும்புச்சத்து உட்கொள்ளல் போதாமை, காரணம், மெஸ் நேரத்தோடு பொருந்தாத தூக்கமும் படிப்பும், உணவோடு டீ, சான்று, மூன்று நாள் உணவுப் பதிவில் 6 மில்லிகிராம் அளவு, ஃபெர்ரிட்டின் 9." காரணத்தை இவ்வளவு குறிப்பாக எழுதினால்தான் இலக்கும் குறிப்பாக வரும். "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதியிருந்தால் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இலக்கை அவளையே சொல்லச் சொன்னேன். "நாளையிலிருந்து 6 மணிக்கு எழுந்து மெஸ்ஸுக்குப் போறேன்." இது நடக்கும் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை என்றேன். யோசித்துவிட்டு "நாலு" என்றாள். ஏழுக்குக் கீழே சொல்லும் எந்த இலக்கையும் நான் தாளில் ஏற்றுவதில்லை, சிறிதாக்கிவிடுவேன். மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டு, முதல் இடைவேளைக்குள் ஏதாவது சாப்பிடுவது என்று மாற்றினோம். அறையில் அடுப்பு கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. அப்படியானால் அறையில் ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ள வறுத்த கொண்டைக்கடலை, அதில் ஒரு கைப்பிடி, கூடவே ஒரு ஆரஞ்சு. கடலையில் ஒன்றரை மில்லிகிராம் இரும்பு வரும், ஆரஞ்சின் வைட்டமின் சி அது உறிஞ்சப்பட உதவும். வாரத்தில் வகுப்புள்ள ஐந்து நாளில் நாலு நாள். இதற்கு அவள் சொன்ன எண் எட்டு.

இரண்டாவது, மதிய டீயை 2:45 இடைவேளைக்குத் தள்ளுவது. டீயை விடச் சொல்லவில்லை. அதோடு, பருப்பைப் பாத்திரத்தின் அடியிலிருந்து கலக்கி இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வது. கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம் என்றால் 3 மில்லிகிராம் வரை கிடைக்கும். இரவு உணவைப் பற்றி அப்போது பேச்செடுக்கவில்லை. தேர்வு நெருங்கும் நேரத்தில் அவளால் நூலகத்தை விட்டு வர முடியாது, முடியாததைச் சேர்த்தால் முடிந்ததும் போய்விடும். இதையெல்லாம் செய்தாலும் 9 மில்லிகிராமைத்தான் தொடும் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். டீ நேரம் மாறிவிட்டது, அதில் சிரமமே இல்லை. காலைப் பெட்டி முதல் வாரம் நாலு நாள், அடுத்த வாரம் இரண்டே நாள். ஏன் என்று நோண்டியதில், கடலையை அறைத்தோழிகள் தீர்த்துவிட்டார்கள். பெட்டியை அறையில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமையே சிறு பொட்டலங்களாகப் பிரித்து வகுப்புப் பையில் போட்டுக்கொள்வது என்று மாற்றினோம். அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து பாதியில் நிறுத்தியிருந்தாள். நான் மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டாள். மருத்துவரிடம் பேசினேன். வெறும் வயிற்றில் உறிஞ்சுதல் நன்றாக இருக்கும்தான், ஆனால் போடாத மாத்திரையால் பயனில்லை, காலைப் பொட்டலத்தைச் சாப்பிட்ட பிறகே போடட்டும் என்றார். 11 மணி டீ மட்டும் மதியத்துக்குப் போனது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்கி ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12.4. இந்த ஏற்றம் மாத்திரையால் வந்தது, கடலையால் இல்லை என்று அவளிடம் தெளிவாகவே சொன்னேன். எண் சரியாகிவிட்டதே என்று இந்தக் கட்டத்தில் மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறைய. ஹீமோகுளோபின் முதலில் ஏறும், உடலின் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும். அதனால் மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும், ஃபெர்ரிட்டினை மறுபடி பார்த்த பிறகுதான் நிறுத்துவது.

தேர்வு முடிந்ததும் இரவு உணவை எடுத்தோம். நூலகத்திலிருந்து 8:15க்கு எழுந்து மெஸ்ஸுக்குப் போய்விட்டுத் திரும்புவது, வாரத்தில் மூன்று இரவு, கூடவே ஒரு அவித்த முட்டை. நம்பிக்கை எண் ஏழு. விடுமுறை நாட்களை இன்னும் தொடவில்லை. அடுத்த சந்திப்பில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.