பத்து நிமிட க்ரானும் வீணாய்ப் போன ஒரு கடலூர் பயணமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெயின்ட் மொத்தக் கடை. அவர்களுடைய குடோன் புதுச்சேரியில். கடையில் போடும் பில்களை குடோன் சர்வருக்கு அனுப்பி இருப்பைக் குறைக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். க்ரானில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். சாதாரண நாளில் இரண்டு நிமிட வேலைதான். ஒரு வருடம் சத்தமே இல்லை.

மழைக்காலம் வந்தது, இன்டர்நெட் லைன் நொண்ட ஆரம்பித்தது. ஒருநாள் முதலாளி போனில், "தம்பி, குடோன்ல 20 லிட்டர் வெள்ளை எமல்ஷன் 28ன்னு காட்டுது. ஆளை விட்டு எண்ணினா 34 இருக்கு. ஆறு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அன்று மாலை போனவற்றில் ஒரே ஒரு பில்லில்தான் அந்தச் சரக்கு, சரியாக ஆறு டின். அப்படியென்றால் அந்த பில் இரண்டு முறை கழிந்திருக்கிறது. பதிவைத் திறந்தால் விஷயம் வெட்டவெளிச்சம்:

```
18:10:01 start pid=2231 rows=63
18:20:01 start pid=2304 rows=71
18:24:40 done  pid=2231
18:29:12 done  pid=2304
```

முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று க்ரான் பார்க்காது. நேரம் வந்தால் கிளப்பிவிடும், அவ்வளவுதான். என் ஸ்கிரிப்ட் `synced=0` என்ற வரிகளை எடுத்து, எல்லாவற்றையும் அனுப்பி முடித்த பிறகுதான் `synced=1` என்று மாற்றும். 6:20க்குக் கிளம்பியவன் பார்த்தபோது பழைய 63 வரிகளும் இன்னும் 0தான். புதிய எட்டோடு சேர்த்து 71ஐயும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

சரி, ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும் என்று, ஓடும் பிராசஸின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைத்துப் பார்க்கும் இரண்டு வரியை அன்றிரவே சேர்த்தேன். இதைத்தான் யாரும் செய்யாதீர்கள் என்று சொல்ல வருகிறேன்.

```
if [ -f $PIDF ] && ps -p $(cat $PIDF) >/dev/null; then exit 0; fi
echo $$ > $PIDF
```

வெறுமனே ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதிலுள்ள எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அடுத்த வாரம் கடலூரில் ஒரே நாளில் இரண்டு முறை கரண்ட் போனது. காலையில் போய் வந்ததால் கம்ப்யூட்டர் புதிதாகக் கிளம்பி, பிராசஸ் எண்கள் மறுபடி கீழிருந்து தொடங்கியிருந்தன. மதியம் சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி போனது. ஃபைல் அப்படியே டிஸ்கில் தங்கிவிட்டது. கரண்ட் வந்து கம்ப்யூட்டர் எழுந்ததும் அதே எண் பில் போடும் மென்பொருளுக்குப் போய்விட்டது. என் ஸ்கிரிப்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஆள் உள்ளே இருக்கிறான்" என்று திரும்பிப் போனது. பிழை இல்லை, மெயில் இல்லை. ஒன்றரை நாள்.

லைனும் இல்லாததால் வீட்டிலிருந்து உள்ளே போக முடியவில்லை. இணைய இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் "சார், ஏரியா ஃபால்ட், சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றே மூன்று முறை. மழையில் பஸ் பிடித்து, அரியாங்குப்பம் நெரிசலில் நின்று, கடலூர் போய் நான் செய்த வேலை அந்த ஃபைலை அழிக்க ஒரே ஒரு `rm`.

திரும்பி வந்துதான், பூட்டுப் போட்டு வேலையை ஓட்டும் `flock` கட்டளை பக்கம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். இதில் பூட்டு என்பது ஃபைல் அல்ல. ஃபைல் வெறும் கதவு. அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸுக்காக கெர்னல் பிடித்து வைத்திருப்பதுதான் பூட்டு. `kill -9` அடித்தாலும் கரண்ட் போனாலும் அது தானே விழுந்துவிடும். பார்ப்பதும் பூட்டுவதும் ஒரே செயல் என்பதால் இரண்டுக்கும் நடுவில் இன்னொருவன் நுழைய இடமில்லை. என் இரண்டு வரியில் அந்தச் சந்தும் இருந்தது; நல்லவேளை, அது கடிக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: பூட்டு ஃபைல் கிடக்கிறதே என்று அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருப்பவன் பழைய ஃபைலைப் பூட்டியிருப்பான், அடுத்து வருபவன் அதே பெயரில் புது ஃபைலை உருவாக்கிப் பூட்டுவான். இருவரும் உள்ளே.

`-n` போட்டேன், அதாவது பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் விலகிவிடு. காத்திருக்கச் சொன்னால் மழைநாளில் வரிசை நீளும். என் வேலையில் ஒரு சுற்று தவறினாலும் விட்டுப்போன வரிகளை அடுத்த சுற்று எடுத்துக்கொள்ளும்.

முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போன். காலையில் ஒருமுறை சிங்க் ஆனது, பிறகு நாள் முழுக்க இல்லை. புதன்கிழமை தானாகச் சரியானது. அடுத்த செவ்வாயும் இதே கதை. செவ்வாய் என்ன கணக்கு என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது கடைப் பையன்தான் சொன்னான்: "அண்ணே, செவ்வாய் நம்ம சிதம்பரம் பிராஞ்ச் லீவு."

கம்ப்யூட்டரில் பார்த்தேன்:

```
fuser -v /var/lib/sync/stock.lock
```

ஃபைலைப் பிடித்திருந்தது சிங்க் அல்ல. சிங்க் முடியும்போது பின்னணியில் `&` போட்டுக் கிளப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். சிதம்பரத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பும் அது, அங்கே கம்ப்யூட்டர் திறக்கும்வரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். `flock` திறந்த ஃபைல் அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்துபோல் இறங்கும். தாத்தா போய்விட்டாலும் பேரன் சாவியை விடுவதில்லை. இதற்கு `-o`. வேலையைத் தொடங்குமுன் அந்த ஃபைலைப் பிள்ளையிடம் மூடிவிடும், பூட்டு `flock` கையில் மட்டும் இருக்கும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: இப்போது `flock` பிராசஸை மட்டும் தனியே கொன்றால், சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டு திறந்துவிடும். விலைப்பட்டியல் ஸ்கிரிப்டுக்கும் தனியாக ஒரு பூட்டு வைத்தேன். இல்லாவிட்டால் செவ்வாய்தோறும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அது குவிந்திருக்கும்.

அப்போது க்ரானில் போட்ட வரி:

```
*/10 * * * * flock -n -o -E 75 /var/lib/sync/stock.lock timeout -k 30 25m /opt/sync/stock.sh
```

`timeout` எதற்கென்றால், லைன் பாதியில் தொங்கி ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் பூட்டும் அதோடு நின்றுவிடும், அடுத்தவன் உள்ளே வரவே முடியாது. 25 நிமிடத்தில் நிறுத்து, அடங்காவிட்டால் 30 விநாடி கழித்துக் கொல். `-E 75` இல்லையென்றால், பூட்டு கிடைக்காதபோதும் 1 என்றே திரும்பும். ஸ்கிரிப்ட் தோற்று வரும் 1க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பிறகு இந்த வரியை ஒரு குட்டி ஸ்கிரிப்டுக்குள் தள்ளி, 75 வந்தால் "தவிர்த்தேன்" என்று பதிவில் ஒரு வரி, தொடர்ந்து ஆறு முறை வந்தால் எனக்கு ஒரு மெயில் என்று வைத்தேன். அந்த ஒன்றரை நாள் மௌனம் இன்னும் உறுத்துகிறது.

பூட்டு இருந்தும் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. அனுப்பிவிட்டு `synced=1` ஆக்குமுன் கரண்ட் போனால், அடுத்த சுற்று அதே பில்களை மறுபடி அனுப்பும். அங்கே இரண்டு பேர் மோதவில்லை, ஒருவனே இரண்டு முறை வருகிறான். அதைப் பூட்டால் தடுக்க முடியாது. குடோன் பக்கம் பில் எண்ணுக்கு யூனிக் கீ வைத்து, வந்த எண் மறுபடி வந்தால் தள்ளிவிடச் சொன்னேன்.

போன செவ்வாய் லைன் மறுபடி மோசம். பதிவில் நான்கு "தவிர்த்தேன்", அதன்பின் ஒரே ஓட்டத்தில் 118 வரி. மாலையில் முதலாளி ஆளை விட்டு எமல்ஷன் டின்னை எண்ணச் சொன்னார். சரியாக இருந்ததாம், போன் வரவில்லை, பையன்தான் சொன்னான்.