ஸ்டிக்கரில் 1160, கையில் வேறு

சேலத்தில் விளையாட்டுச் சாமான் கடையின் பின்கட்டில் பேட் ரிப்பேர் மேஜை என்னுடையது. ஹேண்டில் மாற்றுவது, விரிசலுக்குப் பசை போட்டு நூல் கட்டுவது, புது பேட்டை மரச்சுத்தியால் தட்டிப் பழக்குவது எல்லாம் என் வேலை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பேட்டின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும் எடையை. "1160 இருக்குங்களா? 1180க்கு மேல வேண்டாமுங்க" என்று செருப்பு சைஸ் கேட்பது மாதிரி கேட்பார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் பேட் கையில் எப்படி ஏறும் என்பதை அது பாதிதான் சொல்லும்.

போன சீசனில் ஒரு அப்பாவும் பதினாறு வயது மகனும் வந்தார்கள். பையன் ஓப்பனிங் ஆடுகிறவன். ஆன்லைனில் வாங்கிய புது இங்கிலீஷ் வில்லோ பேட், ஸ்டிக்கரில் 1160 கிராம். கூடவே அவனுடைய பழைய பேட்டும் இருந்தது, 1210 கிராம்.

"அண்ணா, புதுசுதான் கனமா இருக்கு. நெட்ல பந்து வந்தப்புறம்தான் பேட் கீழ வருது" என்றான்.

அப்பாவுக்குச் சந்தேகம் வேறு. "எடையை மாத்தி ஒட்டிட்டானுங்களோ என்னமோங்க" என்றார்.

தராசில் வைத்தேன். புதுசு 1160, பழசு 1210. ஸ்டிக்கர் சரி, பையன் சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். ஹேண்டில் நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது இரண்டு கையும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், பேட்டுக்கு அடியில் ஒரு உருண்டைக் கம்பியைக் கொடுப்பேன். டோ, அதாவது பேட்டின் அடி நுனி, சமையலறைத் தராசின் மேல் ஒரு பென்சிலில் உட்காரும். பேட் மட்டமாக இருக்கும்படி கம்பிக்கு அடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டால் போதும். தராசு காட்டுவது முழு எடையை அல்ல, கையைத் தாண்டி முன்பக்கம் அழுத்துகிற பாரத்தை. பையனின் புது பேட்டுக்கு அது 630 கிராம், பழைய பேட்டுக்கு 614. மொத்தத்தில் 50 கிராம் குறைவான பேட், டோவில் 16 கிராம் கூடுதலாக அழுத்துகிறது.

கணக்கு சின்னதுதான். பேட் நீளம் 85 சென்டிமீட்டர், கம்பியிலிருந்து டோ வரை 70. புது பேட்டை விரல் மேல் வைத்துச் சமநிலை பார்த்தால் ஹேண்டில் நுனியிலிருந்து 53 சென்டிமீட்டரில் நின்றது, கம்பியிலிருந்து 38. 1160ஐ 38ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 630. பழசு 50.5இலேயே நின்றது. 1210ஐ 35.5ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 614. சமநிலைப் புள்ளி இரண்டரை சென்டிமீட்டர் கீழே போனதும் 50 கிராம் சலுகை முழுவதும் கரைந்துவிட்டது. இது பேட்டைத் தூக்கிப் பிடிக்கிற பாரம் மட்டும். வேகமாகச் சுழற்றும்போது தூரத்தில் இருக்கும் கட்டை இதைவிட அதிகமாகவே இழுக்கும், ஏனென்றால் அங்கே தூரம் இரண்டு தடவை பெருக்கலில் வருகிறது. இதைத்தான் ஆடுகிறவர்கள் பிக்கப் என்கிறார்கள்.

ஒரே எடையில் இப்படி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பேட் செய்கிற இடத்திலேயே. நான் மீரட்டில் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பழகினேன். இங்கிலாந்திலிருந்து வரும் வில்லோ, மரமாக வராது, க்ளெஃப்ட் என்ற பிளவுத் துண்டாக வரும். வெட்டிய மரத்தைப் பேட் அலகை விடச் சற்று நீளமான உருளைகளாக அறுத்து, ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். ரம்பத்தால் அறுத்தால் கோடு எங்கே போகிறதோ அங்கே வெட்டு போகும். பிளந்தால் மரத்தின் நாரோடு போகும், அதனால்தான் அந்தத் துண்டு அடி தாங்குகிறது. வெட்டு முனைகளில் மெழுகு பூசி மெதுவாக உலர்த்துவார்கள். முனை சீக்கிரம் காய்ந்தால் அங்கிருந்தே வெடிப்பு கிளம்பும். ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு வந்த பிறகுதான் வேலைக்கு எடுப்பது.

அந்தத் துண்டைக் கையில் எடுத்ததும் மேஸ்திரி முதலில் பார்ப்பது எடை. ஒரே அளவு இரண்டு துண்டில் ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் இருக்கும். மரம் அப்படி. லேசான துண்டில் கட்டையை நிறைய விட்டுவைக்கலாம், கனமானதில் செதுக்கிக் கழித்தே ஆகவேண்டும். இரண்டும் கடைசியில் 1160 வரலாம். ஒன்று தடித்த எட்ஜோடு, இன்னொன்று ஒல்லியாக. காஷ்மீர் வில்லோ பெரும்பாலும் கனம் கூடியது, அதனால்தான் அதே எடையில் உடம்பு இளைத்துத் தெரியும். எட்ஜ் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, நடு முதுகு 67ஐத் தாண்டக்கூடாது என்பது 2017 அக்டோபரிலிருந்து விதி. எடைக்கு விதி எதுவும் கிடையாது.

செதுக்குவதற்கு முன்னால் அலகை உருளையில் கொடுத்து அழுத்துவார்கள். வில்லோ மிருதுவான மரம், அழுத்தாமல் விட்டால் தோல் பந்து பள்ளம் போட்டுவிடும். ரொம்ப அழுத்தினால் பந்து துள்ளாது, கட்டை அடித்த சத்தம் வரும். அப்புறம் அலகின் தலையில் V மாதிரி வெட்டி, பிரம்புப் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டிய ஹேண்டிலைச் செருகிப் பசை போட்டு இறுக்குவார்கள்.

பிக்கப் தீர்மானமாவது அடுத்த கட்டத்தில். இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தியால் முதுகைச் செதுக்கும்போது, வீக்கத்தை எங்கே விடுவது என்று மேஸ்திரி முடிவு செய்கிறார். பந்து தாழ்ந்து வரும் ஆடுகளத்துக்கு டோவுக்குப் பக்கத்தில் விடுவார். எழும்பி வரும் இடத்துக்கு மேலே தள்ளி விடுவார். நம்ம ஊரில் சிமென்ட் மேல் மேட் விரித்து ஆடுகிறவர்கள்தான் அதிகம், அங்கே பந்து முட்டிக்கு மேலே வரும். அந்தப் பையன் ஆடுவதும் அப்படி ஒரு மைதானத்தில்தான். ஆனால் அவன் வாங்கியிருந்தது வீக்கம் கீழே இருந்த பேட். போட்டோவில் தடியாகத் தெரியும், கையில் கீழே இழுக்கும்.

சரி, வாங்கியாச்சு, என்ன செய்வது? "இன்னொரு க்ரிப் போட்டா லேசாயிடுமாமே" என்றார் அப்பா. நிறையப் பேர் சொல்வதுதான். க்ரிப் ஏறக்குறைய 50 கிராம் வரும், அது உட்காருவது கம்பி வைத்த இடத்தின் இரண்டு பக்கமும். போட்டுக் காட்டினேன். மொத்த எடை 1210 ஆனது, டோவில் அதே 630. சமநிலைப் புள்ளி கைப்பக்கம் நகர்வது உண்மை, ஆனால் முன்பாரம் ஒரு கிராமும் குறையவில்லை. ஹேண்டில் தடிப்பதால் சிலருக்குப் பிடி நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.

தோள்பட்டைப் பக்கம், ஹேண்டில் சேருமிடத்தில் இழைக்கலாமா என்றும் கேட்டார்கள். அங்கே 20 கிராம் கட்டையை எடுத்தாலும் டோவில் 5 கிராம்தான் குறையும். அதுவும் செருகல் இருக்கும் இடம், பேட் ஒடிவதற்கு வழி. டோ நுனியில் 20 கிராம் எடுத்தால் கிட்டத்தட்ட அத்தனையும் குறையும், ஆனால் யார்க்கர் விழுந்தால் பிளந்துகொள்ளும். நடுவாக ஒரு இடம் உண்டு. நுனியிலிருந்து 4 சென்டிமீட்டர் விட்டு, அதற்கு மேல் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு முதுகில் மட்டும், சுமார் 3 மில்லிமீட்டர். அதில் 15 கிராம் போகும். வாரண்டியும் போகும், தாழ்ந்த பந்தில் அடியின் வேகமும் கொஞ்சம் போகும் என்று முதலிலேயே சொன்னேன். பையன் சம்மதித்தான். இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, கம்பி மேல் வைத்தோம். 617. பழசுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்பாவுக்கு இன்னும் ஒரு ஆதங்கம். "சச்சின் எவ்வளவு கனமான பேட்ல ஆடினாரு." உண்மைதான், அவர் 3 பவுண்டை ஒட்டிய பேட்டில் ஆடினவர். அவர் ஹேண்டிலை ரொம்பக் கீழே பிடிப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். பையனின் பழைய பேட்டையே 5 சென்டிமீட்டர் கீழே பிடித்தால் கைக்கு வரும் பாரத்தில் ஏழில் ஒரு பங்கு குறையும். பையன் மேலே பிடித்து ட்ரைவ் ஆடுகிறவன், சச்சின் பேட் மாதிரி கனமானது அவனுக்கு ஆகாது. பேட் பார்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இது. மேல் கையால் மட்டும் பிடித்து, நிற்கிற மாதிரி நின்று, நேராகத் தூக்கி இறக்குங்கள். கடையில் முதல் தடவை எல்லா பேட்டும் நன்றாகத்தான் இருக்கும். இருபது தடவைக்கு அப்புறம் முழங்கை விலகினாலோ பேட் ஸ்லிப் பக்கம் சரிந்து இறங்கினாலோ அது உங்களுக்குக் கனம், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும்.

எழுதிய எடையும் நிரந்தரமில்லை. ஏற்காட்டில் தங்கிப் படிக்கிற பையன்களின் பேட்டுகள் மழைக் காலத்துக்கு அப்புறம் என் மேஜைக்கு வரும்போது கூடியிருக்கும். அலகில் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் எட்டு, ஒன்பது கிராம் ஏறும். மேலே பனியும் மழையும் குடித்த பேட், ஏப்ரலில் சேலத்துக்கு வந்து காரின் டிக்கியில் கிடந்தால் அத்தனையும் இறங்கி, முகத்தில் மயிரிழை வெடிப்பு விழும். முகத்தில் ஷீட் ஒட்டியிருப்பதால் அந்தப் பக்கம் ஈரம் அவ்வளவாக நுழையாது. நுழைவது டோ வழியாக. அங்கேதான் நார் அறுபட்டுத் திறந்திருக்கிறது. நனைந்த தரையில் பேட்டைத் தட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் சேருவது பிக்கப்புக்கு ரொம்ப மோசமான அதே இடத்தில். டோ உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவினாலே தெரியும், முகத்தை விட அங்கே புடைத்திருக்கும்.

பையனுக்கு இழைத்துக் கொடுத்த இடத்தில் ஆளி விதை எண்ணெயை லேசாக ஒரு கை பூசி, ஒரு நாள் படுக்க வைத்துக் காயவிட்டேன். எண்ணெயும் எடைதான், ஊற்றக்கூடாது. செருகலில் படக்கூடாது, பசை விட்டுவிடும். டோ நுனியில் பசை தடவி ரப்பர் கார்டு ஒட்டினேன். கார்டோடு சேர்த்துத் தராசு 624 காட்டியது. பையன் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வேணும்ணா, மழைல ஆடணும்ல" என்று அப்படியே எடுத்துக்கொண்டான்.