ரெஃபரல் கேட்கும்முன்: நண்பர் எதைப் பார்த்துச் சம்மதிக்கிறார்?

போன வாரம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டேன். ரெஃபரல் வழியாகக் கிடைத்த வேலை. இந்தத் தேடலில் எனக்கு உதவியது ஒரே ஒரு விஷயம்தான். நமக்கு நெருக்கமானவர் யார் என்று பார்க்காதீர்கள், நம் வேலையைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று பாருங்கள்.

முதலில் கேட்டது கல்லூரி நண்பனிடம். இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் அடிக்கடி ஒன்றாகச் சாப்பிடுகிறவன். "அனுப்புடா, பார்க்கிறேன்" என்றான், அப்புறம் பேச்சே இல்லை. நேரில் கேட்டபோது மறைக்காமல் சொன்னான். "போர்ட்டல்ல இவனை எப்படித் தெரியும், கூட வேலை பார்த்திருக்கியா, எந்த அளவுக்கு உறுதியா சொல்றேன்னு கேக்குதுடா. நீ நல்லவன்னு தெரியும். உன் வேலை எனக்குத் தெரியாதே. முன்னாடி ஒருத்தனை அனுப்பினேன். புரொபேஷன் முடியறதுக்குள்ள போயிட்டான். மேனேஜர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுறார்."

அவன் சொன்னது நியாயம். ரெஃபரல் போனஸ் பல நிறுவனங்களில் புதியவரின் புரொபேஷன் முடிந்த பிறகுதான் கையில் வரும். அது எப்போதோ வரும் பணம். ஆனால் மேனேஜர் காரிடாரில் நிறுத்தி "ஆள் எப்படி?" என்று கேட்பது அடுத்த நாளே நடக்கும். அந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு பதில் இருந்தால்தான் நண்பர் தைரியமாக முன்வருவார். அந்தப் பதிலை நாம்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்து பழைய அலுவலகத்தில் எங்கள் பக்கத்து டீமில் இருந்த அக்காவிடம் கேட்டேன். பண்டிகை வாழ்த்து தவிர அதிகத் தொடர்பு இல்லை. ஆனால் பேநவ், நெட்ஸ் வழியாக வரும் பணத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை நான் செய்தபோது, மாதக் கடைசியில் என் அறிக்கைக்காகக் காத்திருந்தவர் அவர்தான். அவருக்கு அனுப்பியது இது:

"அக்கா, உங்கள் நிறுவனத்தில் பேமெண்ட்ஸ் ஆபரேஷன்ஸ் வேலை ஒன்று இருக்கிறது, எண்ணும் லிங்கும் கீழே. ஒத்துப்போகாத தொகைகளைக் காரணவாரியாகப் பிரித்து நான் அனுப்பிய அறிக்கை நினைவிருக்கும். அதற்குப் பிறகு உங்கள் டீம் ஒவ்வொரு வரியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் வைத்து என்னைப் பற்றிச் சொல்ல முடியுமா? மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் நேரடியாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்."

அன்று மாலையே சம்மதம் வந்தது. கடைசி வரி முக்கியம். மறுக்க வழி இல்லாதவர் மறுக்க மாட்டார், "ஓகே, ஓகே" என்று இழுத்தடிப்பார். அதற்குள் வேலைக்கு ஆள் எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, பார்க்காத வேலையைப் பார்த்ததாகச் சொல்லச் சொல்லாதீர்கள். அக்கா என் எக்செல் வேலையைப் பார்த்தவர், எஸ்க்யூஎல் வேலையைப் பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை, ரெசூமேயில் மட்டும் எழுதினேன்.

சம்மதம் கிடைத்தபின் அவருக்கு அனுப்ப வேண்டியவை:

- வேலை எண், ஒரு பக்க ரெசூமே, போர்ட்டலில் பதிய வேண்டிய மின்னஞ்சல்.
- அவர் அப்படியே ஒட்டக்கூடிய மூன்று வரி. எங்கே சேர்ந்து வேலை செய்தோம், அவர் பார்த்தது என்ன, அது இந்த வேலைக்கு எப்படிப் பொருந்துகிறது.
- நோட்டீஸ் காலம், எதிர்பார்க்கும் சம்பளம், எந்த வேலை பாஸில் இருக்கிறோம்.

பாஸ் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் ஒரு நிறுவனத்தோடு பிணைந்தது. மாறினால் புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு அதற்கு முன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீடும் உண்டு. ரெஃபரல் இவற்றில் எதையும் தாண்ட வைக்காது. இது கடைசியில் தெரியவந்தால் சங்கடப்படுவது நண்பர்தான்.

விண்ணப்பத்தை நீங்களே முந்திக்கொண்டு போட்டுவிடாதீர்கள். பல போர்ட்டல்களில் அதே மின்னஞ்சல் ஏற்கெனவே இருந்தால் பிறகு வரும் ரெஃபரலைச் சேர்க்காது. நண்பர் பதிந்ததும் உங்களுக்கு வரும் லிங்க் வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்சி வழியாக உங்கள் ரெசூமே ஏற்கெனவே அங்கே போயிருந்தால், அதை நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நேர்காணல் தேதி, முடிவு, வேறு ஆஃபர் என்று எது வந்தாலும் எச்.ஆர். வாயிலாக நண்பர் கேள்விப்படக் கூடாது. அக்காவுக்கு ஒவ்வொரு சுற்றும் முடிந்த உடனே ஒரு வரி அனுப்பினேன். இரண்டாம் சுற்றுக்கு முன் மேனேஜர் அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டாராம். போர்ட்டலில் எழுதிய அதே மூன்று வரியைத்தான் சொன்னதாகச் சொன்னார்.