காணாமல் போன எடைச் சீட்டு

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். திருமங்கலம் குடோனுக்கு வரும் ஒவ்வொரு லாரியின் எடைச் சீட்டையும் படமாக மென்பொருளில் ஏற்றி, அந்தந்தச் சரக்குப் பதிவோடு இணைக்க வேண்டும். சீட்டு இல்லாத பதிவுக்கு வாடகைப் பணம் போகாது. அப்படி ஒரு சீட்டு, ஏற்றிய பிறகு காணாமல் போனது.

குடோனில் இருக்கும் தம்பி ஏற்கெனவே மென்பொருள்காரர்களுக்குப் புகார் டிக்கெட் போட்டிருந்தான்: 'காலையில் ஏற்றிய ஃபைல் இப்போது இல்லை.' 'சரிபார்த்தோம், கோளாறு ஏதும் இல்லை' என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலைப் பொழுதில் பல வாடிக்கையாளர்கள் ஏற்றும் ஃபைல்களில் எதைத் தேடுவார்கள்?

அதனால் டிக்கெட்டை விவரங்களோடு திரும்ப எழுத உட்கார்ந்தேன். முதலில் நேரத்தைப் பிடித்தேன். "எப்ப ஏத்துனப்பா?" என்றால் "பன்னெண்டுக்கு முன்னாடிண்ணே" என்றான். நினைவை விடப் பதிவு நம்பகமானது. சரக்குப் பதிவைச் சேமித்த நேரம் திரையிலேயே 11:42 என்று இருந்தது. படம் இல்லை என்று அவன் பார்த்தது மாலை 4 மணிக்கு. இரண்டையும் எழுதினேன். ஏற்றிய நேரம் மட்டும் இருந்தால் அந்த நிமிடத்துக்கு சர்வர் எழுதிவைத்த லாக்கை மட்டும் பார்ப்பார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். இந்திய நேரம் என்பதையும் சேர்த்தேன். சர்வர் லாக் பெரும்பாலும் UTC-யில் ஓடும், நம்மை விட ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் 11:42 அங்கே 06:12.

அடுத்தது பிழைச் செய்தி. "எர்ரரே வரலண்ணே" என்றான். அதையும் எழுத வேண்டும், எதுவும் வரவில்லை என்பதே ஒரு தடயம். ஆனால் திரையில் ஏதோ ஒன்று வந்திருக்குமே என்று கிளறியதில், ஏற்றியவுடன் `Saved successfully` என்று பச்சையில் வந்ததும், கீழே `Attachments (1)` என்று இருந்ததும் தெரிந்தது. மாலையில் அதே இடத்தில் `Attachments (0)`. எழுத்து மாறாமல் அப்படியே பதிந்தேன். படம் போய்ச் சேரவே இல்லை என்றால் காரணம் இணைய இணைப்பாகவோ ஃபைல் அளவாகவோ இருக்கலாம். இங்கே போய்ச் சேர்ந்து, ஏற்கப்பட்டு, அப்புறம் நீக்கப்பட்டிருக்கிறது. தேட வேண்டிய இடமே வேறு.

சாதனம் என்ற இடத்தில் 'விண்டோஸ் கம்ப்யூட்டர், குரோம்' என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் படம் எடுத்தது அந்தக் கம்ப்யூட்டர் இல்லையே. லாரிக்காரர் தன் ஐபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதையும் டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறார். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், சீட்டில் உள்ள பொடி எண்கள் கலங்கிவிடும் என்று நாங்கள்தான் எல்லோரிடமும் அப்படி அனுப்பச் சொல்லியிருந்தோம்.

இங்கேதான் ஃபைல் வகை சூடு பிடித்தது. பெயரில் `.jpg` இருந்தது. "அப்படியேதான் வந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, HEIC-னு ஏதோ இருந்துச்சு. சாஃப்ட்வேர் எடுக்கல, பேரை மாத்துனேன்" என்றான். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். புரியாத எழுத்துக்களுக்கு நடுவே, தொடக்கத்திலேயே `ftypheic` என்று இருந்தது. அது ஐபோன் 2017-இல் வந்த iOS 11 முதல் பயன்படுத்தும் பட வகை. உண்மையான JPEG இப்படித் தொடங்காது. ஃபைலின் பழைய பெயர், புதிய பெயர், நோட்பேடில் கண்டது எல்லாவற்றையும் டிக்கெட்டில் எழுதி, மூல ஃபைலை ஜிப் செய்து இணைத்தேன். வெறுமனே இணைத்தால் அதுவும் இதேபோல மறையலாம் என்று பட்டது.

மறுநாள் தெளிவான பதில் வந்தது. ஏற்றும்போது பெயரின் கடைசி எழுத்துக்களை மட்டும் மென்பொருள் பார்க்கிறது. சில நிமிடங்கள் கழித்துப் பின்னணியில் ஓடும் சோதனை உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. பெயரும் உள்ளடக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ஃபைலை நீக்கிவிடுகிறது, ஏற்றியவருக்குச் சொல்வதில்லை. 06:15-க்கு நீக்கியதற்கான லாக் வரியையும் அனுப்பியிருந்தார்கள். நீக்கியதை மீட்க வழியில்லையாம். இனி நீக்கும்போது பதிவிலேயே காரணம் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மூலப்படம் கையில் இருந்ததால் JPEG-ஆக மாற்றி ஏற்றினோம், வாடகை போனது. லாரிக்காரரின் போனில் Settings, Camera, Formats என்று போய் Most Compatible வைத்துக் கொடுத்தான் தம்பி. அப்புறம் அவருடைய பழைய பதிவுகளையும் திறந்து பார்த்தோம். போட்டோவாக அனுப்பியவை எல்லாம் இருந்தன, டாக்குமெண்டாக அனுப்பியவை மட்டும் இல்லை. அந்தப் பதிவு எண்களையும் அதே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, மூலப்படங்களைத் திரும்ப அனுப்பச் சொல்லி அவரைக் கூப்பிட்டோம்.