சீட்டுக் கணக்கு: ஒரு பேட்ச் சந்திப்பின் நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

25 வருடம் கழித்து எங்கள் வகுப்பு கூடப் போகிறது. குரூப்பில் 44 பேர். வகுப்பில் 62. மீதி 18 பேரைப் பெயரை வைத்துத் தேட முடியாது. செந்தில்குமார் மட்டும் நான்கு பேர், அதில் இருவருக்கு இனிஷியலும் ஒன்றே. உதவுவது வருகைப் பதிவேட்டு வரிசைதான். மூன்று வருடம் தினமும் காதில் விழுந்தது; 22 என்றால் அடுத்த குரல் யாருடையது என்று இன்றைக்கும் தானாக வருகிறது. அதனால் ஷீட்டில் முதல் கட்டம் பெயர் இல்லை, ரோல் நம்பர். இரண்டாம் வருடம் நேரடியாகச் சேர்ந்தவர்கள் 57 முதல் 62 வரை. எந்தப் பட்டியல் போட்டாலும் விட்டுப்போவது அவர்கள்தான்.

"19ஐ யாருக்காவது தெரியுமா?" என்று குரூப்பில் கேட்டுப் பயனில்லை. 44 பேரும் அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப் பேட்ச் வாரியாகப் பிரித்தாயிற்று. ஆறு பேட்ச், பேட்சுக்கு ஒருவர் பொறுப்பு. ஒரே வைஸில் ஃபைலிங் செய்தவனை யாரும் மறப்பதில்லை.

மே 11

பத்து பேர் கிடைத்தார்கள். நான்கு பேர் இனி வரமாட்டார்கள். அவர்களுடைய வரியை ஷீட்டிலிருந்து நீக்கவில்லை.

41 இல்லை.

மே 18

தேதி: ஆகஸ்ட் 10, ஆடி கடைசி ஞாயிறு. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபக்காரர் நம் பேச்சுக்கு இறங்கி வருவார். ஆவணி பிறந்துவிட்டால் ஞாயிறு கிடைப்பதே கஷ்டம். ஒரு சிக்கல், ஆடி ஞாயிறு என்றால் ஊர் ஊருக்குக் கூழ் ஊற்றுவார்கள். மூன்று பேர் கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள், வர முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை. கடைசி வாரத்தில் சொல்வதைவிட இது மேல்.

ஊர்: திருச்சி. சென்னைக்காரன், கோவைக்காரன், மதுரைக்காரன், ஓசூர்க்காரன் எல்லாரும் சமமாகத் திட்டக்கூடிய ஊர் அதுதான்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். 9ஆம் தேதி இரவு வண்டிக்கு ஜூன் 10 காலை திறக்கும், 10ஆம் தேதி இரவு திரும்ப ஜூன் 11. அதற்கு ஒரு வாரம் முன்பே மண்டபம் முடிந்து, முகவரியோடு அறிவிப்பு போயிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தவன் வருவான். "பார்க்கலாம்டா" என்றவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஜூன் 1

மண்டபம் முடிந்தது. வாடகை 15,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 17,700. கரண்ட் தனி, மீட்டர் பார்த்துத்தான். உள்ளே நுழைந்ததும் மீட்டரைப் போட்டோ எடுக்க வேண்டும், கிளம்பும்போது இன்னொன்று.

ஜூன் 8

ஃபார்ம் தோற்றது. "தற்போதைய பணி" என்று கேட்டோம். வந்த பதில்கள்: பிசினஸ். சொந்தத் தொழில். துபாய். பிரைவேட். ஒருவன் "நலம்" என்று எழுதியிருக்கிறான்.

தப்பு அவர்கள்மேல் இல்லை. பதவியைக் கேட்டால் விசிட்டிங் கார்டுதான் வரும், அதை வைத்து யாரும் யாருக்கும் போன் போட முடியாது. கேள்வியை மாற்றியாயிற்று. ஒன்று: போன ஒரு வருடத்தில் உங்களைத் தேடி வந்து யாராவது கேட்டு, நீங்கள் முடித்துக்கொடுத்த வேலை எது? இரண்டு: அடுத்த ஆறு மாதத்தில் உங்களுக்கு ஆக வேண்டிய ஒரே ஒரு காரியம் எது?

இரண்டாவது கேள்விக்கான பதில்தான் சீட்டு: ஆளுக்கு ஒன்று, சந்திப்பில் வாசித்தால் யாரைக் கேட்கலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு எல்லாரும் கூச்சப்படுவார்கள். எழுத்தில் வராது. போன் செய்துதான் வாங்க வேண்டும், ஆளுக்குப் பத்து நிமிடம்.

ஜூன் 15

இன்று ஏழு போன். ஏழும் இப்படித்தான் தொடங்கின: "ஒண்ணும் வேணாம்டா, எல்லாரையும் பார்த்தா போதும்." எட்டாவது நிமிடத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது.

17 கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். முதலில் சொன்னது, "ஆர்டர் இருந்தா சொல்லு". இதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? எத்தனை மெஷின் என்று கேட்டேன். சிஎன்சி லேத் இரண்டு, 165 மிமீ சக். எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது? ஒன்று தினமும் ஆறு மணி நேரம். என்ன மெட்டீரியல்? எம்எஸ், ஈஎன்8. எந்த அளவு? 60 மிமீ விட்டத்துக்குள். எத்தனை துண்டுக்குக் கீழே கட்டுப்படியாகாது? 500. கடைசியில் சீட்டில் ஏறியது இது: "ஈஎன்8 அல்லது எம்எஸ், 60 மிமீக்குள் டர்னிங் வேலை, 500 துண்டுக்கு மேல், கோவை, தினமும் ஆறு மணி நேரம் மெஷின் காலி." இதைப் படித்தால் யாரைக் கேட்கலாம் என்று படிக்கிறவனுக்கே ஒரு முகம் தோன்றும்.

33இன் மகள் டிப்ளமோ முடித்திருக்கிறாள். "ஏதாவது வேலை" என்றான். அதைப் "டிப்ளமோ அப்ரண்டிஸ், ஒரு வருடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம், விடுதி வசதி இருந்தால் நல்லது" என்று மாற்றினோம். அப்ரண்டிஸ் போர்ட்டலில் அவள் பதிவே செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதி வேலை போனிலேயே முடிந்தது.

ஜூன் 22

41 இல்லை. பழைய முகவரியில் இப்போது செல்போன் கடை.

ஜூன் 29

பணம். மூவர் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து என்று தொடங்கப் போனோம். அப்படிச் சேர்ந்து இயக்கும் கணக்கில் யுபிஐ வராது. ஆனால் வசூல் முழுக்க யுபிஐயில்தான் வரும். கடைசியில் ஒருவர் பெயரில் புதுக் கணக்கு. அதில் வேறு எந்த வரவு செலவும் கிடையாது, ஞாயிறுதோறும் ஸ்டேட்மென்ட் குரூப்புக்கு வந்துவிடும்.

தலைக்கு 1,500. யார் அனுப்பியது என்று கண்டுபிடிப்பதுதான் எப்போதும் தலைவலி. மனைவி போனிலிருந்து வரும், மகன் போனிலிருந்து வரும், கம்பெனி பெயரில் வரும். குறிப்பு எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை. அதனால் ரோல் நம்பரைத் தொகையிலேயே சேர்த்தாயிற்று. 17 என்றால் 1,517. 52 என்றால் 1,552. யார் போனிலிருந்து வந்தாலும் கடைசி இரண்டு இலக்கம் ஆளைச் சொல்லிவிடும்.

முதல் நாளே ஒருவன் 1,500 அனுப்பிவிட்டு, "யாருன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்கிறான்.

ஜூலை 6

41 கிடைத்தார்! எல்லாரும் அப்பாவின் இனிஷியலோடு தேடிக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல். வகுப்பில் இருந்த மூன்று பெண்களுக்கும் இதே கதை. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த சிவில் பிரிவுத் தோழி. பெண்களைத் தேட வகுப்பு வரிசை பற்றாது, விடுதி அறை வரிசையும் வேண்டும்.

ஜூலை 13

மூன்று தடை. கடன் கேட்கும் சீட்டு கிடையாது. இன்சூரன்ஸ், சிட்ஃபண்ட், ஆள்சேர்ப்பு வியாபாரம் கிடையாது. மூன்றாவதுதான் நுணுக்கமானது: வாங்கும் இடத்தில் இருப்பவனிடம் ஆர்டர் கேட்கக் கூடாது, சப்ளையராகப் பதிவு செய்யும் வழியை மட்டும் கேட்கலாம். 52 ஓசூரில் பர்ச்சேஸில் இருக்கிறான். "என்கிட்ட நேரா கேட்டா நான் சிரிச்சுட்டு நகர்ந்துடுவேன், என் வேலை போயிடும்" என்றான். யாருக்குப் பதிவு விண்ணப்பம் கொடுத்தாலும், இவன் என் வகுப்புத் தோழன் என்று தன் மேலாளருக்கு மெயில் போட்டுவிடுவானாம். விலை பேசுவது வேறு ஆள். இந்த ஒரு விதி இருப்பதால்தான் அவன் வரவே சம்மதித்தான்.

இன்சூரன்ஸ் தடைக்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறினார்கள். ஒருவன் மறுநாள் திரும்ப வந்தான்.

ஜூலை 27

38 பேர் கட்டியிருக்கிறார்கள். 47 பேர் வருவதாகச் சொன்னவர்கள். நாற்காலி 38க்குத்தான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

சமையல்காரரிடம் இலைக் கணக்கு 45 சொன்னோம். பணம் கட்டிய 38, ஆசிரியர்கள் ஐந்து, வாட்ச்மேன், எடுபிடி ஒருவர். பிறகுதான் டிரைவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆசிரியர்களை அழைத்து வரும் கார் மூன்று. 48. அதற்குள் கேட்கிறார், "பாயசம் பருப்பா, சேமியாவா?"

மேடை வேண்டாம் என்று முடிவு. மேடை இருந்தால் மைக் இருக்கும், மைக் இருந்தால் சால்வை முடிவதற்குள் மணி ஒன்று. ஆசிரியர்களுக்கு மரியாதை முதல் அரை மணி நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே. சீட்டு வேலை 11 மணிக்கு, சாப்பாட்டுக்கு முன். வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரிடமும் எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஆறு மேசை, மேசைக்கு ஆறேழு பேர். எங்கே உட்காருவது என்பதை விட்டால் விடுதி கும்பல் ஒரே மேசையில் சேர்ந்துவிடும். நாற்காலியில் ரோல் நம்பர் ஒட்ட வேண்டும். முதல் சுற்று ஊர் வாரியாக, இரண்டாவது தொழில் வாரியாக.

ஆகஸ்ட் 9

மழை வரும் என்கிறார்கள். செல்லோ டேப் வாங்க மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 10, இரவு

36 பேர். ஒருவருக்கு நான்கு நிமிடம்: ஒரு நிமிடம் சீட்டை வாசிப்பது, மூன்று நிமிடம் மற்றவர்கள் பேசுவது. மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, பெயரும் போன் நம்பரும்தான் சொல்லலாம். இரண்டாவது மேசையில் மட்டும் அறிவுரை மழை, நான்கு நிமிடம் பதினொன்றானது. அங்கே மணியடிக்க ஆள் வைக்கவில்லை.

31 சீட்டு எழுதினார்கள். 27க்கு எதிரே ஒரு பெயர் விழுந்தது. கேட்டவருக்கு ஒரு பிரதி, உதவுவதாகச் சொன்னவருக்கு ஒன்று, ஷீட்டுக்கு ஒன்று. இலை 47 போனது. கடைசியில் வந்து உட்கார்ந்தது மண்டப மேனேஜர்.

41 வந்திருந்தார். தாம்பரத்தில் கேலிபரேஷன் லேப் நடத்துகிறாராம். இரண்டு மாதம் தேடிய ஆளிடம் மூன்று சீட்டு போயிருக்கிறது.

ஆகஸ்ட் 13

27இல் ஐந்து பேர்தான் பேசியிருக்கிறார்கள். ஐந்து!

காரணம் சீட்டிலேயே இருக்கிறது. "தேவைப்படுபவர் மூன்று நாளுக்குள் கூப்பிடவும்" என்று அச்சடித்திருந்தோம். 25 வருடம் பேசாதவனுக்கு, அதுவும் ஒரு காரியம் கேட்டு, யார் முதலில் போன் போடுவான்? கை நம்பர் வரை போகும், பச்சையை அழுத்தாது. அன்றைக்கு மேசையில் கேட்டதே பெரிது.

ராத்திரியே திருப்பிப் போட்டாயிற்று. உதவுவதாகச் சொன்னவர்தான் முதலில் கூப்பிட வேண்டும். 22 பேருக்கும் தனித்தனியாக ஒரே செய்தி: "உன் சீட்டுக்காரன் உன் போனுக்குக் காத்திருக்கிறான். வெள்ளிக்குள்." குரூப்பில் போடவில்லை. குரூப்பில் போட்டால் கட்டைவிரல்தான் வரும்.

ஆகஸ்ட் 24

பதினாலாம் நாள். 27இல் 21 பேர் பேசிவிட்டார்கள். ஏழு நகர்ந்திருக்கிறது, அதாவது மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். விண்ணப்பம், மாதிரி, நேர்காணல் ஏதோ ஒன்று. 33இன் மகளுக்கு நேர்காணல். பேச்சோடு நின்ற 14இல் அடுத்த தேதி போட்டது ஐந்தில் மட்டும். தேதி இல்லாத ஒன்பதும் செத்த சீட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

கரண்ட் பில்லில் தகராறு. மீட்டர் போட்டோ காப்பாற்றியது.

செப்டம்பர் 2

17இன் மாதிரி ஐந்து துண்டும் ஓசூரிலிருந்து திரும்பிவிட்டன. குறுக்குத் துளை வாயில் பிசிறு, ஈஎன்8க்கு டெஸ்ட் சர்டிபிகேட் வைக்கவில்லை. அளவு எல்லாம் சரி. 17 சீட்டைக் கிழித்துவிடலாம் என்கிறான். 52 இதில் வாய் திறக்க முடியாது, விதி அது.

குவாலிட்டியில் இருக்கும் 23இடம் சொல்லியிருக்கிறேன். அவன்தான் கூப்பிட வேண்டும்.

செப்டம்பர் 4

23 கூப்பிட்டான். நாற்பது நிமிடம். டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் வட்டம் போட்டு எண் கொடுப்பது, அந்த எண் வரிசையில் ஐந்து துண்டின் அளவையும் அட்டவணையாக வைப்பது, சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் கம்பியில் குத்தியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. 17க்கு மெஷின் தெரியும், காகிதம் தெரியாது. கையில் இருந்த மைக்ரோமீட்டர் எப்போது கேலிபரேஷன் ஆனது என்று 23 கேட்டிருக்கிறான். பதில் இல்லையாம்.

மைக்ரோமீட்டர் இன்று பார்சலில் தாம்பரம் போகிறது.