அந்த 15 நிமிடம்

"மார்க்கை விடுங்க டீச்சர், அவ எப்படிப் படிச்சான்னு சொல்லுங்க" என்றேன், போனைப் பிடித்தபடி.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தமிழ் மீடியம் பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி.யில் பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ். பள்ளியிலேயே முதலிடம். அதற்கான வாழ்த்து வீடியோ.

டீச்சர் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசினார்.

முதல் 15 நிமிடம் கூல் ஆஃப் நேரம். கேள்வித்தாளை வாசிக்கலாம், விடை எழுதக் கூடாது. பலர் ஒரு கடினமான கேள்வியிலேயே பதறி நின்றுவிடுவார்கள். இவளோ முழுத்தாளையும் இரண்டு முறை வாசித்து, தெரிந்ததை முதலில் எழுத மனசுக்குள் வரிசை போட்டுக்கொள்வாளாம். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி, நிதானமாக வரைந்திருக்கிறாள்.

அப்புறம் கேமராவை நேராகப் பார்த்து, "ஒண்ணு ரெண்டு பாடத்துல தவறினவங்களுக்கு, அதை மறுபடி எழுத சே பரீட்சை இருக்கு. நாளைக்கு வாங்க பிள்ளைகளா, பழைய தாளை வெச்சு இந்த 15 நிமிஷத்தைப் பழகுவோம்" என்றார்.

வீடியோ நீளம்தான். அந்த இடத்தை மட்டும் நான் வெட்டவில்லை.