குத்தகை நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை: தேர்வில் அந்தக் கணக்கை எழுதும் முறை

சி.ஏ. இறுதித் தேர்வின் நிதி அறிக்கையிடல் தாளில் குத்தகை முடிவில் நிலத்தை மீட்டுத் தரும் கடமை குறித்த கேள்வி வந்தால், பலர் தற்போதைய மதிப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் எங்கே போகிறது, மதிப்பீடு நடுவில் மாறினால் எந்தக் கணக்கு நகர்கிறது என்பதில்தான் மதிப்பெண்கள் கைவிட்டுப் போகின்றன. நான் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவன். தணிக்கைக்குச் சென்ற இடங்களில் மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளும் இருந்ததால், இந்தக் கடமையைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்த வகை யார்டு ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எண்கள் மட்டும் கணக்குக்காக நான் அமைத்தவை.

ஒரு நிறுவனம் மணலியில் காலி நிலம் ஒன்றை 2022 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. கண்டெய்னர்களை அடுக்குவதற்காக உடனே கனமான கான்கிரீட் தளம் போடுகிறது. குத்தகை முடியும்போது தளத்தை உடைத்து அகற்றி, மண்ணைச் சமப்படுத்தி, நிலத்தை முன்பிருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. 2027 மார்ச் 31 அன்று அதற்கு ₹50,00,000 ஆகும் என்பது மதிப்பீடு. டிஸ்கவுண்ட் விகிதம் 8 சதவீதம்.

இத்தகைய யார்டு ஒன்றின் கணக்காளர் என் சீனியரிடம், "காலி பண்ணும்போது ஆகப்போற செலவுதானே சார், அப்போ எழுதிக்கலாமே" என்று கேட்டார். "தளம் போட்டாச்சுல்ல சார். இனிமே உடைக்காம நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று சீனியர் திருப்பிக் கேட்டார். இன்ட் ஏஎஸ் 37 சொல்வதன் சாரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒதுக்கீடு உருவாக, கடந்துபோன ஒரு நிகழ்வால் தட்டிக்கழிக்க முடியாத கடமை இன்று இருக்க வேண்டும். இங்கே அந்த நிகழ்வு தளம் போட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மட்டும் போதாது. கையெழுத்திட்ட பிறகும் நிறுவனம் தளமே போடாமல் இருந்திருந்தால் உடைக்க எதுவும் இருந்திருக்காது. எனவே விடையின் முதல் வரியில் கடமை எந்த நாளில், எந்தச் செயலால் பிறந்தது என்பதை எழுதிவிட வேண்டும்.

அடுத்தது விகிதம். ஒரே கேள்வியில் இரண்டு விகிதங்கள் கொடுக்கப்படுவது வழக்கம். குத்தகைப் பொறுப்பை அளக்க, குத்தகையில் உள்ளடங்கிய வட்டி விகிதம் அல்லது அது தெரியாதபோது குத்தகைதாரரின் கூடுதல் கடன் விகிதம் பயன்படும். மீட்புக் கடமைக்கு வேண்டியது அதுவல்ல. பணத்தின் கால மதிப்பையும் அந்தக் கடமைக்கே உரிய இடர்களையும் பற்றிய சந்தையின் இன்றைய கணிப்பைக் காட்டும், வரிக்கு முந்தைய விகிதமே இதற்கு உரியது. நிலத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் வாடகையே குத்தகைத் தொகை. தளத்தை உடைக்கும் ஒப்பந்ததாரருக்குப் பின்னால் கொடுக்கப்போகும் பணம் குத்தகைத் தொகை அல்ல. எனவே ₹50,00,000ஐக் குத்தகைப் பொறுப்போடு கூட்டி ஒரே விகிதத்தில் டிஸ்கவுண்ட் செய்தால், அதிலிருந்து தொடரும் எண்கள் அனைத்தும் தவறாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செலவு இன்றைய விலையில் தரப்பட்டு, விலைவாசி உயர்வு தனியாகச் சொல்லப்பட்டிருந்தால், முதலில் அதை முடிவு நாளின் விலைக்கு உயர்த்தி, பிறகே விலைவாசியை உள்ளடக்கிய விகிதத்தால் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும்.

நம் கணக்கில் ₹50,00,000ஐ ஐந்து முறை 1.08ஆல் வகுத்தால் ₹34,02,916 கிடைக்கிறது. தொடக்க நாள் பதிவு, சொத்துக்குப் பற்று, ஒதுக்கீட்டுக்கு வரவு. அன்று லாப நஷ்டக் கணக்கில் ஒன்றும் விழாது. எந்தச் சொத்து என்று கேட்டால், நிறுவனமே போட்ட தளத்தை அகற்றும் பகுதி இன்ட் ஏஎஸ் 16இன்படி தளத்தின் அடக்கவிலையிலும், குத்தகை நிலத்தையே ஒப்பந்தம் கேட்கும் நிலைக்குக் கொண்டுவரும் பகுதி இன்ட் ஏஎஸ் 116இன்படி பயன்பாட்டு உரிமைச் சொத்திலும் சேரும் என்பது என் கருத்து. இரண்டும் இங்கே ஐந்து ஆண்டுகளில் தேய்கின்றன என்பதால் தொகை மாறாது. எந்த அடிப்படையில் சேர்த்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இனி ஆண்டுதோறும் இரண்டு செலவுகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. தேய்மானம் ஆண்டுக்கு ₹6,80,583 என்று நேர்கோட்டில் செல்கிறது. ஒதுக்கீடோ முடிவு நாள் நெருங்க நெருங்க 8 சதவீதம் வளர்கிறது. இந்த வளர்ச்சியைத்தான் அன்வைண்டிங் என்கிறோம்.

| ஆண்டு முடிவு | தொடக்க இருப்பு ₹ | அன்வைண்டிங் ₹ | இறுதி இருப்பு ₹ |
|---|---|---|---|
| மார்ச் 2023 | 34,02,916 | 2,72,233 | 36,75,149 |
| மார்ச் 2024 | 36,75,149 | 2,94,012 | 39,69,161 |
| மார்ச் 2025 | 39,69,161 | 3,17,533 | 42,86,694 |
| மார்ச் 2026 | 42,86,694 | 3,42,936 | 46,29,630 |
| மார்ச் 2027 | 46,29,630 | 3,70,370 | 50,00,000 |

அன்வைண்டிங் நிதிச் செலவாக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். அதைத் தேய்மானத்தோடு கலக்கக் கூடாது, கடன் செலவு என்று சொல்லி இன்ட் ஏஎஸ் 23இன்படி சொத்தில் ஏற்றவும் கூடாது. அட்டவணை சரியா என்று பார்க்க எளிய வழி, கீழிருந்து மேலே செல்வதுதான். கடைசி ஆண்டின் தொடக்க இருப்பை 1.08ஆல் பெருக்கினால் ₹50,00,000 வர வேண்டும். ஓரிரு ரூபாய் வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வருவது. ஆயிரக்கணக்கில் வந்தால், யாரோ ஓர் ஆண்டில் தொடக்க இருப்புக்குப் பதிலாக முதல் நாளின் ₹34,02,916 மீதே 8 சதவீதம் போட்டிருக்கிறார் என்று பொருள். குத்தகை அக்டோபர் 1 அன்று தொடங்கியிருந்தால், மார்ச் 31 வரையான முதல் கணக்குக் காலத்துக்கு ஆறு மாத அன்வைண்டிங் மட்டுமே உண்டு. வழக்கு ஆய்வை ஒட்டிய பலவுள் தெரிவு வினாக்களில் முழு ஆண்டுத் தொகையும் ஒரு விடையாகக் காத்திருக்கக்கூடும் என்பதால் தேதியை முதலில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். 2024 மார்ச் 31 அன்று மதிப்பீட்டை மறுபடி பார்க்கிறார்கள். உடைத்த கான்கிரீட்டைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. கொடுங்கையூரில் உள்ள கட்டட இடிபாட்டுக் கழிவு நிலையம் வரை லாரியில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்தால் ₹60,00,000 ஆகும் என்று தெரிகிறது. இங்கே செய்யும் வரிசைதான் விடையைத் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டின் அன்வைண்டிங்கைப் பழைய மதிப்பீட்டில், பழைய விகிதத்தில் முழுமையாக எழுதி, ஒதுக்கீட்டை ₹39,69,161க்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே ₹60,00,000ஐ மீதமுள்ள மூன்று ஆண்டுகளுக்கு டிஸ்கவுண்ட் செய்ய வேண்டும்; அது ₹47,62,993. வித்தியாசமான ₹7,93,832 அந்த ஆண்டின் செலவு அல்ல. இன்ட் ஏஎஸ் 16இன் இணைப்பு ஏ சொல்லும்படி, அடக்கவிலை முறையில் அது சொத்தின் மதிப்பில் கூடும்; ஒதுக்கீட்டிலும் அதே அளவு கூடும். முந்தைய இரண்டு ஆண்டுகளின் கணக்கைத் திருத்தவும் வேண்டியதில்லை, ஏனெனில் இது மதிப்பீட்டு மாற்றம், பிழை அல்ல.

அந்தத் தேதியில் சொத்தின் மீதி ₹20,41,750. வித்தியாசத்தைக் கூட்டினால் ₹28,35,582. அதை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் தேய்மானம் ஆண்டுக்கு ₹9,45,194 ஆகிறது. அடுத்த ஆண்டின் அன்வைண்டிங் புதிய ஒதுக்கீட்டில் 8 சதவீதம், அதாவது ₹3,81,039. மதிப்பீடு மாறாமல் விகிதம் மட்டும் 9 சதவீதமாக உயர்ந்தாலும் இதே வழிதான். ஒதுக்கீடு குறையும், சொத்தும் அதே அளவு குறையும். குத்தகைப் பொறுப்பின் விகிதம் பொதுவாகத் தொடக்கத்தில் நிலைத்துவிடுகிறது, ஒதுக்கீட்டின் விகிதமோ ஒவ்வோர் இருப்புநிலைத் தேதியிலும் புதிதாகப் பார்க்கப்படுகிறது. ஒரே ஒப்பந்தத்திலிருந்து வந்த இரண்டு பொறுப்புகள் இப்படி வேறுவிதமாக நடந்துகொள்வதை விடையில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். நீங்கள் விதியைப் புரிந்துகொண்டிருப்பதைத் திருத்துபவர் அதில் காண்பார்.

குறைவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒதுக்கீடு குறையும் தொகை சொத்தின் மீதி மதிப்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். கூடும்போது, உயர்ந்த மதிப்பைச் சொத்தால் ஈட்டிவிட முடியுமா என்று யோசித்து, ஐயம் எழுந்தால் மதிப்பிழப்புச் சோதனை செய்ய வேண்டும்.

மண்ணில் டீசல் கசிந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்து வரலாம். இன்ட் ஏஎஸ் 37இன் விளக்க எடுத்துக்காட்டுகளில் கடல் எண்ணெய்க் கிணறு ஒன்று உண்டு: இறுதிச் செலவில் 90 சதவீதம் மேடையை அகற்றுவதற்கும் அதைக் கட்டியதால் ஏற்பட்ட சேதத்தைச் சீர்செய்வதற்கும் உரியது, 10 சதவீதம் எண்ணெய் எடுப்பதால் வரும் சேதத்துக்கு உரியது. மேடை கட்டி முடிந்து, எண்ணெய் இன்னும் எடுக்காத நாளில் 90 சதவீதத்துக்கு மட்டுமே ஒதுக்கீடு. நம் யார்டிலும் தளத்தை உடைக்கும் கடமை தளம் போட்ட அன்றே முழுதாகப் பிறந்துவிட்டது. வண்டிகளுக்கு டீசல் நிரப்பும் மூலையில் மண் கெடுவதோ கெடக் கெடத்தான் கடமையாகிறது. எனவே மண் சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் முதல் நாளிலேயே டிஸ்கவுண்ட் செய்து ஒதுக்குவது தவறு. எந்தக் காலத்தில் எவ்வளவு கெட்டதோ, அந்தக் காலத்தில் அதற்குரிய தொகையின் தற்போதைய மதிப்பு மட்டுமே சேர்க்கப்பட வேண்டும்.

இன்டர் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏஎஸ் 29ஐப் பார்க்கும்போது, ஒதுக்கீடுகளைப் பொதுவாக டிஸ்கவுண்ட் செய்யக் கூடாது என்ற வரியைக் காண்பார்கள். சொத்தின் அடக்கவிலையில் சேரும் அகற்றல், மீட்பு வகைக் கடமைகளுக்கு 2016 திருத்தம் விலக்கு அளித்திருக்கிறது.

கடைசியாக, 2027 மார்ச் 31 அன்று ஒப்பந்ததாரரின் பில் ₹62,00,000க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டில் அன்று ₹60,00,000 இருக்கும். அதைப் பற்று வைத்து, மீதி ₹2,00,000ஐ லாப நஷ்டக் கணக்கில் பற்று வைத்து, ₹62,00,000ஐ வங்கிக்கு வரவு வைக்க வேண்டும். சொத்தின் ஆயுள் முடிந்து, அதன் மதிப்பு பூஜ்யமாகிவிட்டதால், இந்த வித்தியாசத்தைச் சொத்தில் ஏற்ற இனி வழியில்லை.